எட்டில் செவ்வாய், மூன்றேகால் பாபம்

அக்கா மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது திருமணத் தளத்தின் படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. உயரம், படிப்பு, சம்பளம், நட்சத்திரம் எல்லாம் தடங்கல் இல்லாமல் போனது. ‘செவ்வாய் தோஷம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ‘உண்டு’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்று மூன்று வட்டங்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “உண்டுன்னே போடுடா, மறைச்சா பாவம்” என்றாள். பக்கத்துத் தெரு ஜோசியர் கட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் “எட்டுல செவ்வாய், பொண்ணு ஜாதகம், செவ்வாய் உள்ள பையனாத்தான் பாக்கணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லையாம்.

‘உண்டு’ என்றே போட்டோம். அடுத்த இரண்டு மாதத்தில் வந்த ஜாதகங்கள் பாதியாகக் குறைந்தன. அதன் பிறகுதான் மயிலாடுதுறையில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோசியத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ளவில்லை, தட்டில் வைப்பதை எடுத்துக்கொள்வார். அவர் அந்த ஒரு செவ்வாயை எடைபோட ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துக்கொண்டார். எனக்கு ஜோதிடத்தில் அரைகுறை நம்பிக்கைதான். ஆனால் அந்த மத்தியானத்தில் பார்த்த வேலை ஒழுங்கு ‘உண்டு, இல்லை’ வட்டங்களுக்குள் அடங்குவது அல்ல என்பதால் எழுதுகிறேன்.

முதலில் விதி. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம். இது நம் பக்கத்துக் கணக்கு. வடக்கே 2ஐ விட்டுவிட்டு 1ஐச் சேர்த்துக்கொள்வார்கள். சுலோகம் ஏறக்குறைய ஒன்றுதான்; அங்கே ‘லக்னே’ என்று தொடங்குகிறது, இங்கே ‘தனே’ என்று. ஒரு சொல் மாறியதில் ஒரு வீடு மாறிவிட்டது. அந்தச் சுலோகம் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாகத்தான் பேசுகிறது. பெண்ணுக்கு இருந்தால் கணவனுக்குக் கெடுதல், ஆணுக்கு இருந்தால் மனைவிக்குக் கெடுதல். நாம் முதல் பாதியை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டோம்.

ஏன் இந்த ஐந்து வீடுகள்? “பார்வையைப் போட்டுப் பாருங்க தம்பி, தானா விளங்கும்” என்றார் பெரியவர். செவ்வாய்க்குத் தான் நிற்கும் இடத்திலிருந்து 4, 7, 8 ஆகிய மூன்று பார்வைகள். நாலில் நின்றால் நாலாம் பார்வை ஏழாம் வீட்டில் விழும். பன்னிரண்டில் நின்றால் எட்டாம் பார்வை ஏழில் விழும். ஏழில் நின்றால் கேட்கவே வேண்டாம். ஏழு வாழ்க்கைத்துணையின் வீடு. இரண்டில் நின்றால் குடும்ப ஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணுக்கு மாங்கல்ய ஸ்தானமான எட்டைப் பார்க்கும். எட்டில் நின்றால் இரண்டைப் பார்க்கும். ஆக, கல்யாணத்தைத் தாங்குகிற 2, 7, 8 ஆகிய மூன்று வீடுகளை அந்த உஷ்ணக் கிரகம் எந்த வழியாகத் தொடுகிறது என்பதுதான் விதியின் உள்ளர்த்தம். இந்தக் கணக்குப்படி லக்னத்தில் நிற்கும் செவ்வாய் ஏழையும் பார்க்கும், எட்டையும் பார்க்கும். அப்படியிருந்தும் நம் பட்டியலில் அது இல்லை. அதனால்தான் பெரியவர் பட்டியலில் இல்லாத அந்த ஒன்றையும் பார்க்காமல் விடுவதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. பன்னிரண்டில் ஐந்து வீடு என்றால் பிறக்கிற குழந்தைகளில் நூற்றுக்கு 40க்கு மேல் தோஷக்காரர்கள். செவ்வாய் ஒரு ராசியில் சாதாரணமாக ஒன்றரை மாதம் இருக்கிறது. லக்னமோ இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறுகிறது. அதனால் எந்த நாளை எடுத்தாலும் அதில் ஏறக்குறைய 10 மணி நேரம் தோஷ நேரம்தான். இதோடு நிற்பதில்லை. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் அதே ஐந்து வீடுகளை எண்ண வேண்டும் என்கிறார்கள். மூன்றில் எங்கிருந்து வந்தாலும் தோஷம் என்று வைத்துக்கொண்டால், தோராயமாகப் பத்துப் பேரில் எட்டுப் பேர் சிக்குவார்கள். எல்லாரையும் பிடிக்கிற வலையில் என்ன பிரயோஜனம்?

பழையவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் விலக்குகள் அத்தனை வந்தன. இரண்டாம் வீடு மிதுனமோ கன்னியோ ஆனால் தோஷமில்லை. நாலு மேஷம் அல்லது விருச்சிகம். ஏழு கடகம் அல்லது மகரம். எட்டு தனுசு அல்லது மீனம். பன்னிரண்டு ரிஷபம் அல்லது துலாம். சிம்மம், கும்பத்தில் செவ்வாய் எங்கே நின்றாலும் இல்லை. ஆட்சி, உச்சம், நீசம் என்றால் இல்லை. கடக லக்னத்துக்கும் சிம்ம லக்னத்துக்கும் செவ்வாய் யோககாரகன் என்பதால் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் இதை எண்ணிப் பார்த்தேன். 12 லக்னம், 12 வீடு, மொத்தம் 144 நிலைகள். அதில் தோஷ நிலை 60. விலக்குகளையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது 22. சிம்ம லக்னத்துக்கு லக்ன விலக்கே தேவையில்லை. மற்ற விலக்குகளிலேயே ஐந்து வீடுகளும் அடிபட்டுப் போகின்றன. குரு பார்வை, குரு சேர்க்கை என்ற விலக்குகளை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இந்த எண்ணிக்கையைப் பெரியவரிடம் போனில் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. “விலக்கு பட்டியலை மனப்பாடம் பண்ணி ‘தோஷம் இல்லை’ன்னு சொல்றவனும், அஞ்சு வீட்டை எண்ணி ‘தோஷம்’னு சொல்றவனும் ஒரே ஆள்தான். ரெண்டு பேருமே ஜாதகத்தைப் பாக்கல” என்றார்.

அவர் எப்படிப் பார்த்தார் என்பதுதான் விஷயம்.

பெண் பிறந்தது 1995 ஏப்ரல் நடுவில், பௌர்ணமி இரவு. தனுசு லக்னம், சித்திரை நட்சத்திரம், துலாம் ராசி. கடகத்தில் செவ்வாய், அதாவது எட்டாம் வீடு. விருச்சிகத்தில் குரு. கும்பத்தில் சுக்கிரனும் சனியும். மேஷத்தில் சூரியன், புதன், கேது. துலாத்தில் சந்திரனோடு ராகு.

ஜாதகக் கட்டத்தைக் கையில் வாங்கியதும் அவர் செவ்வாயைப் பார்க்கவில்லை. “பொறந்த நேரம் யார் சொன்னது? ஆஸ்பத்திரி சீட்டு இருக்கா, இல்ல பாட்டி சொன்னதா?” என்றார். இருந்தது. இரவு மணி 11:30. அன்றைக்கு அந்த ஊரில் ஏறக்குறைய பத்தரைக்கு முன்னால் பிறந்திருந்தால் விருச்சிக லக்னம். செவ்வாய் ஒன்பதில், தோஷப் பேச்சே இல்லை. பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தால் மகர லக்னம், செவ்வாய் ஏழில். அங்கே ‘ஏழு கடகம்’ என்ற விலக்கு வந்துவிடும். பதினொன்றரை என்பது இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரு மணி நேரம் உள்ளே இருக்கிறது. கடிகாரம் பத்து நிமிடம் முன்பின் இருந்தாலும் லக்னம் மாறாது. செவ்வாயும் திருக்கணிதப்படி கடகத்தின் 22ஆம் பாகையை ஒட்டி நிற்கிறது. ராசி சந்தியில் இல்லை. “அப்ப எட்டுங்கறது உறுதி. இனிமே பேசலாம்” என்றார். நேரம் லக்ன சந்தியில் விழுந்தால் தோஷத்தைப் பற்றிப் பேச மறுத்துவிடுவாராம். அரை மணி நேரத் தவறில் ‘தோஷ ஜாதகம்’ ஆன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை.

பிறகு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்த்தார். லக்னத்திலிருந்து எட்டு. சந்திரனிலிருந்து எண்ணினால் துலாத்துக்குக் கடகம் பத்து. சுக்கிரனிலிருந்து எண்ணினால் கும்பத்துக்குக் கடகம் ஆறு. மூன்றில் ஒன்றில் மட்டும்தான் வருகிறது. ஆனால் அந்த ஒன்று லக்னம், அதுதான் கனமானது.

அப்புறம் அந்தச் செவ்வாயின் தரம். கடகத்தில் செவ்வாய் நீசம். விலக்குப் பட்டியலைப் பிடித்துக்கொண்டால் இங்கேயே தோஷ நிவர்த்தி என்று எழுதிவிட்டுப் போகலாம். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. “நீசமானா கெடுக்கற பலம் குறையும், சரி. கொடுக்கற பலமும் குறையுமில்ல? தனுசுக்கு அவர் அஞ்சுக்கும் பன்னண்டுக்கும் உடையவர். அஞ்சுக்குடையவர் நீசமாகி எட்டுல கெடக்கறது சந்தோஷப்படற சேதியா?” என்றார். நீசத்தை முறிக்கும் நீசபங்கம் உண்டா என்று பார்த்தார். சந்திரனும் லக்ன கேந்திரத்தில் இல்லை, சனியும் இல்லை. பங்கமில்லை.

ஆனால் குரு விருச்சிகத்திலிருந்து ஒன்பதாம் பார்வையாகக் கடகத்தைப் பார்க்கிறார். தனுசுக்கு குரு லக்னாதிபதி. அதோடு செவ்வாயின் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு செவ்வாயைப் பார்க்கிறார். இதைத்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். தாளின் ஓரத்தில் ‘கு.பா.’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். உடனே இன்னொரு வரியும் எழுதினார்: செவ்வாயின் எட்டாம் பார்வை கும்பத்தில், சுக்கிரனோடு சனி நிற்கும் இடத்தில் விழுகிறது. ஏழாம் வீடான மிதுனத்தை அது தொடவே இல்லை; சுக்கிரனைத் தொடுகிறது. நல்லதை மட்டும் எழுதுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை வராது. அந்த இரண்டாவது வரிக்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி, மூன்று நிமிட ஜோசியர் கேட்காத கேள்வி: “இந்தச் செவ்வாய் எப்ப வேலை செய்வார்?” கிரகம் தன் பலனைத் தன் தசையிலும் புத்தியிலும்தான் முழுசாகத் தரும் என்பது அவர்கள் கணக்கு. சித்திரை செவ்வாயின் நட்சத்திரம். அதில் பிறந்தவர்களுக்கு வாழ்க்கை செவ்வாய் தசையில் தொடங்கும். அந்தத் தசையின் மொத்த அளவே 7 வருடம். இந்தப் பெண்ணுக்குச் சந்திரன் நட்சத்திரத்தின் கடைசிப் பகுதியில் இருந்ததால், முதல் பிறந்தநாளுக்கு முன்பே அது தீர்ந்துவிட்டது. பிறகு ராகு 18 வருடம், குரு 16, சனி 19, புதன் 17. 120 வருடச் சுற்றில் செவ்வாய் தசை அவளுக்குத் திரும்ப வரப்போவதில்லை. மற்றத் தசைகளுக்குள் வரும் செவ்வாய் புத்திகள் மட்டும்தான் உண்டு. எதுவும் ஒன்றேகால் வருடத்தைத் தாண்டாது.

இதே செவ்வாய் பரணி, பூரம், பூராட நட்சத்திரக்காரிக்கு இருந்தால்? அவளுக்குச் சுக்கிர தசை மிச்சம், சூரியன் 6, சந்திரன் 10 போய், 16லிருந்து 36 வயதுக்குள் ஏதோ ஒரு புள்ளியில் செவ்வாய் தசை தொடங்கும். புதுக்குடித்தனம் நடக்கிற வயது. “அங்க நான் யோசிப்பேன். இங்க யோசிக்க மாட்டேன்” என்றார். இரண்டு பெண்களுக்கும் கட்டத்தில் செவ்வாய் ஒரே இடம், திருமணத் தளத்தில் ஒரே வட்டம்.

“28 வயசு முடிஞ்சா செவ்வாய் தோஷம் போயிடும்னு சொல்றாங்களே ஐயா, இவளுக்கும் 28 ஆகுது” என்று அக்காவுக்காகக் கேட்டேன். சிரித்தார். “அது கல்யாணம் தள்ளிப்போன வீட்டுக்குச் சொல்ற ஆறுதல். ஆறுதலுக்கு வயசு வரம்பு வேண்டாம், சொல்லிட்டுப் போகட்டும்.”

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டு, அவர் காட்டியது வேறொரு கிரகத்தை. ஏழாம் அதிபதி புதன். மேஷத்தில் உச்ச சூரியனுக்கு ஒட்டினாற்போல் நின்று, அதன் ஒளியில் மறைந்து அஸ்தங்கம், பக்கத்தில் கேது. “பயப்படணும்னா இதுக்குப் பயப்படுங்க. இந்தப் பொண்ணுக்கு வரன் தள்ளிப்போறது செவ்வாயால இல்ல, புதனால. அதுவும் உயிருக்கு ஆபத்துங்கற சமாசாரம் இல்ல. பேச்சு வார்த்தையில மனத்தாங்கல் வரும், முடிவு பண்றது இழுக்கும். ஏழாம் அதிபதி நல்லா இருக்கற பையனாப் பாருங்க.” செவ்வாய் உள்ள பையனைத் தேடி இரண்டு மாதம் நாங்கள் வீணாக்கிய பிறகு கிடைத்த சேதி இது.

சில வாரம் கழித்து ஒரு வரன் வந்தது. பையன் 1992, ஆடிக் கடைசி, விடியற்காலைப் பிறப்பு. கடக லக்னம், சதய நட்சத்திரம், கும்ப ராசி. செவ்வாய் ரிஷபத்தில், பதினொன்றில். அவர்கள் வீட்டில் ‘சுத்த ஜாதகம்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். நட்சத்திரப் பொருத்தம் பழுதில்லை. சித்திரை சிரசு ரஜ்ஜு, சதயம் கண்ட ரஜ்ஜு, ரஜ்ஜு தட்டவில்லை. ஆனால் பத்துப் பொருத்தத்தில் செவ்வாய் எங்கேயும் வராது, அது முழுக்க நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்ப்பது. பத்துக்கு எட்டுப் பொருந்துகிறது என்று நாங்கள் சொல்ல, பெண்ணுக்குச் செவ்வாய் இருக்கிறதே என்று அவர்கள் இழுக்க, பேச்சு அங்கேயே நின்றது.

பெரியவர் பாபசாம்யம் போட்டார். செவ்வாயைத் தனியாகப் பிரித்துப் பயப்படாமல், சூரியன், செவ்வாய், சனி, ராகு, கேது ஆகிய எல்லாப் பாபிகளையும் அதே 2, 4, 7, 8, 12 வீடுகளில் எண்ணுவது. லக்னத்திலிருந்து வந்தால் ஒன்று, சந்திரனிலிருந்து அரை, சுக்கிரனிலிருந்து கால். பிறகு இரண்டு ஜாதகத்தையும் தராசில் வைப்பது போல வைப்பது. இரண்டும் சமமாக இருக்கலாம், பையன் பக்கம் கொஞ்சம் கூடவும் இருக்கலாம்; பெண் பக்கம் ரொம்பக் கூடினால்தான் யோசிப்பார்கள்.

பெண்ணுக்கு லக்னத்திலிருந்து எட்டில் செவ்வாய், 1. சந்திரனிலிருந்து ஏழில் சூரியனும் கேதுவும், அரையும் அரையும் 1. சுக்கிரனிலிருந்து ஒன்றுமில்லை. மொத்தம் 2.

பையனுக்கு லக்னத்திலிருந்து ஏழில் மகரத்துச் சனி, பன்னிரண்டில் மிதுனத்துக் கேது, 2. சந்திரனிலிருந்து நாலில் செவ்வாய், பன்னிரண்டில் சனி, 1. சிம்மத்துச் சுக்கிரனிலிருந்து பன்னிரண்டில் சூரியன், கால். மொத்தம் மூன்றேகால்.

சுத்த ஜாதகம் மூன்றேகால். தோஷ ஜாதகம் இரண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஏழில் இருக்கும் சனி மகரத்தில் ஆட்சி, ஏழாம் அதிபதி ஏழிலேயே. தான் தேடச் சொன்னது அதைத்தான் என்றார். ஆனால் அதே சனியின் தசைதான் இப்போது அவனுக்கு நடக்கிறது. எட்டுக்கும் அந்தச் சனியே அதிபதி. “பையன் நல்லவனா இருப்பான், பாசத்தை வெளிய காட்ட மாட்டான். இவ எல்லாத்தையும் பேசித் தீர்க்கணும்பா, அவன் பேசாம இருப்பான். அதைப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க” என்றார். பரிகாரம் எதுவும் சொல்லவில்லை. அக்கா வற்புறுத்தியதும், “வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்துலதான் இருக்கு, போய் அங்காரகனைக் கும்பிட்டுட்டு வாங்க, மனசுக்கு நல்லது. ஆயிரக்கணக்குல கேக்கறவன்கிட்ட மட்டும் போகாதீங்க” என்றார்.

இந்த எடைக் கணக்கிலும் ஓட்டை உண்டு. சந்திரனுக்கு அரை, சுக்கிரனுக்குக் கால் என்று யார் நிர்ணயித்தது? சுக்கிரன்தான் வாழ்க்கைத்துணையைக் குறிக்கும் களத்திரகாரகன், அதற்குத்தான் அதிகம் தர வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். நீசச் செவ்வாய்க்கும் உச்சச் செவ்வாய்க்கும் இதில் ஒரே மதிப்பெண்தான். அதனால் பெரியவர் இந்தக் கூட்டலை முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. எதிர் வீட்டாரோடு ஒரே பாஷையில் பேச ஒரு கருவி, அவ்வளவுதான். உண்மையான முடிவு தாளின் முன்பக்கத்தில் இருக்கிறது: பிறந்த நேரம், பார்வை, ஆதிபத்தியம், தசை. இவையெல்லாம் கல்யாண வாழ்க்கையை நிஜமாகவே காட்டுமா என்றால், நான் பார்த்தவரை இருவர் ஒத்துப்போவதும் போகாததும் வேறு காரணங்களால்தான் நடக்கிறது. ஆனால் இந்தத் துறையின் பெயரால் ஒரு பெண்ணைத் தள்ளி வைப்பதானால், இந்தத் துறையின் முழுக் கணக்கையாவது போட்டுவிட்டுத் தள்ளட்டும். ஜாதகத்தையே திருத்தி எழுதி, லக்னத்தை ஒரு கட்டம் நகர்த்திக் கொண்டுவருகிற வீடுகள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிலைக்குத் தள்ளியது மூன்று நிமிடத் தீர்ப்புகள்தான்.

தாளைப் படம் எடுத்துப் பையன் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பையனின் அப்பா கூப்பிட்டார். அவர்கள் ஜோசியர் கேதுவை எண்ணமாட்டாராம். கேதுவை எடுத்துவிட்டுப் போட்டால் பெண்ணுக்கு ஒன்றரை, பையனுக்கு இரண்டேகால். “அப்பவும் எங்க பையன்தாங்க ஜாஸ்தி” என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்றார்.

அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதன், அஸ்தங்கம், அவன் பேசமாட்டான் என்பது வரை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மாமா, தனக்கு மூன்றேகால்னு அவருக்குத் தெரியுமா?”